உள்வாடகை: கையில் நிற்பது எவ்வளவு?

எந்த ஊர்க் கடைத்தெருவிலும் ஒரே ஷட்டருக்குள் இரண்டு வியாபாரம் நடப்பதைப் பார்க்கலாம். ரெடிமேட் கடையின் வாசலில் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு மொபைல் கடை இருக்கும். அல்லது மருந்துக் கடையின் ஓரத்தில் ஒரு ஜெராக்ஸ் மெஷின் ஓடும். கட்டட உரிமையாளருக்கு வாடகை கட்டுகிறவர் ஒருவர். அவருக்கு மாதம் ஒரு தொகை கொடுத்து இடத்தின் ஒரு பகுதியில் தொழில் செய்கிறவர் இன்னொருவர். இப்படி வரும் உள்வாடகையைப் பலரும் சும்மா வரும் பணம் என்றே நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அது அப்படி இல்லை.

ஒரு ரெடிமேட் கடையை எடுத்துக்கொள்வோம். 12 அடி அகலம், 40 அடி ஆழம். மொத்தம் 480 சதுர அடி. மாத வாடகை 24,000 ரூபாய். கடைக்காரர் வாசல் பக்கத்தில் 6 அடி அகலமும் 20 அடி ஆழமும் கொண்ட பகுதியை மொபைல் கடைக்கு 12,000 ரூபாய்க்கு விடுகிறார். விட்ட இடம் 120 சதுர அடி, அதாவது கடையில் கால் பங்கு. மொத்த வாடகையில் கால் பங்கு 6,000. அந்த 6,000 ரூபாய் இடத்துக்கு 12,000 வருகிறது, மாதம் 6,000 லாபம் என்று அவர் சொல்வார்.

இந்த இடத்தில்தான் கணக்கு தப்புகிறது. ஒரு கடையில் எல்லாச் சதுர அடிக்கும் ஒரே மதிப்பு கிடையாது. தெருவில் போகிறவர் கண்ணில் படும் வாசல் பக்கம்தான் ஆளை உள்ளே இழுக்கிறது. மூட்டை அடுக்கும் பின்பக்கத்துக்கு அந்தச் சக்தி இல்லை. பிரிட்டனில் கடை மதிப்பீட்டாளர்கள் இதற்கென்றே ஒரு முறை வைத்திருக்கிறார்கள். முன்பக்கத்து முதல் 20 அடிக்கு முழு மதிப்பு, அடுத்த 20 அடிக்குப் பாதி, அதற்கும் பின்னால் கால் என்று போடுவார்கள். நம் ஊர் ஒப்பந்தங்களில் இப்படி எழுதுவதில்லை என்றாலும், இடத்தின் உண்மையான விலையைத் தெரிந்துகொள்ள இது கைகொடுக்கும். நமது கடையில் முன்பக்கத்து 240 சதுர அடியை அப்படியே வைத்து, பின்பக்கத்து 240-ஐ 120 ஆகக் குறைத்தால் மொத்தம் 360. விட்டுக்கொடுத்த 120, அதில் மூன்றில் ஒரு பங்கு. ஆக அந்த இடத்துக்கு அவர் கட்டும் வாடகை 6,000 இல்லை, 8,000. மாத லாபம் 4,000-ஆகச் சுருங்குகிறது.

அந்த 12,000-உம் ஆண்டு முழுக்க வரும் என்று எழுதிவிடக் கூடாது. ஒருவர் காலி செய்து அடுத்தவர் வருவதற்குள் இடம் சும்மா கிடக்கும். உரிமையாளர் அந்த மாதத்து வாடகையை விட்டுக்கொடுக்க மாட்டார். ஆண்டில் ஒரு மாதம் காலி என்று வைத்தால் வரவு 1,32,000. சராசரியாக மாதம் 11,000. மொபைல் கடைக்காரர் கொடுத்த அட்வான்ஸை இதில் சேர்க்கவே கூடாது. அது வருமானம் இல்லை, திருப்பிக் கொடுக்க வேண்டிய கடன். கையில் இருக்கிறதே என்று அதைச் சரக்கில் போட்டுவிட்டு, அவர் காலி செய்யும்போது திணறுகிறவர்கள் உண்டு.

ஆக, 24,000 கட்டி வந்தவருக்கு இப்போது சுமை 13,000. இது ரொக்கத்தில் தெரியும் பலன். இதற்கு அவர் கொடுத்த விலை கல்லாவில் தெரியும். மொபைல் கடையின் கவர்கள் ஷட்டர் சட்டத்தில் வரிசையாகத் தொங்க, புதுச் சட்டை மாட்டிய பொம்மை அதற்குப் பின்னால் மறைந்துவிடுகிறது. தெரிந்த வாடிக்கையாளர் எப்படியும் உள்ளே வருவார். பொம்மையைப் பார்த்து நின்று, விலை கேட்டு, வாங்கிப் போகும் புது ஆள்தான் குறைவார். கடையின் மாத விற்பனை 2,50,000, நூறு ரூபாய் விற்றால் 25 ரூபாய் லாபம் என்று கொள்வோம். உள்வாடகையில் கிடைக்கும் 11,000 ரூபாயை ஈடுகட்ட 44,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். விற்பனை அந்த அளவுக்கு மேல் விழுந்தால் உள்வாடகையால் நஷ்டம்தான். 30,000 மட்டும் குறைந்தால் போகிற லாபம் 7,500, மிச்சம் 3,500.

விற்பனை எவ்வளவு குறைந்தது என்பதை முந்தைய மாதத்தோடு ஒப்பிட்டுச் சொல்ல முடியாது. ஆடித் தள்ளுபடியும் தீபாவளியும் எல்லாக் கணக்கையும் புரட்டிவிடும். போன ஆண்டின் அதே மாதத்துப் பில்களோடு ஒப்பிட வேண்டும். பில் தொகையைவிடப் பில் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். தொகை அப்படியே இருந்து எண்ணிக்கை குறைந்திருந்தால், பழைய ஆட்கள் வருகிறார்கள், புதியவர்கள் வருவதில்லை என்று பொருள். அதன் விளைவு விற்பனையில் முழுதாகத் தெரியக் கொஞ்ச காலம் ஆகும்.

அடுத்தது ஜி.எஸ்.டி. சிறு கடைக்காரர்கள் பெரும்பாலும் கவனிக்காத கண்ணி இது. தமிழ்நாட்டில் பொருள் மட்டுமே விற்கிறவர், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் வரை பொதுவாகப் பதிவு செய்ய வேண்டியதில்லை. வாடகைக்கு விடுவது பொருள் விற்பனையில் சேராது, அது சேவை. சேவையும் செய்கிறவருக்கு வரம்பு 20 லட்சம்தான். ஆண்டுக்கு 30 லட்சம் விற்று, பதிவு இல்லாமல் நிம்மதியாக இருந்த நம் கடைக்காரர், 12,000 ரூபாய் உள்வாடகை வாங்கத் தொடங்கியதுமே பதிவு செய்ய வேண்டியவர் ஆகிவிடுகிறார். சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் சேர்ந்தாலும் விற்றுமுதலில் 1 சதவீதம் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். வாடிக்கையாளரிடம் வசூலிக்க முடியாது. குறைந்துபோன விற்பனையையும் உள்வாடகையையும் சேர்த்தால் அது ஆண்டுக்குச் சுமார் 28,000 வரும். மாதம் 3,500 என்று மிஞ்சியது ஆண்டுக்கு 42,000. வரி போக நிற்பது 14,000 மட்டும். ஆடிட்டர் கட்டணம் இன்னும் கழிக்கவில்லை. வேறு காரணத்தால் முன்பே பதிவு செய்தவருக்கு இந்தப் புதுச் சுமை இப்படி வந்து விழாது.

வருமான வரியில் இன்னொரு குழப்பம். வீட்டையோ கடையையோ சொந்தமாக வைத்து வாடகைக்கு விடுகிறவருக்கு 30 சதவீதக் கழிவு உண்டு. உள்வாடகை வாங்குகிறவர் சொத்தின் உரிமையாளர் இல்லை என்பதால் பொதுவாக அந்தக் கழிவு அவருக்குக் கிடையாது. அதற்குப் பதில், தான் கட்டும் வாடகையைச் செலவாகக் கழிக்கலாம், ஒரு தடவை மட்டும். 24,000 முழுவதையும் வியாபாரச் செலவில் எழுதிவிட்டு, அதே வாடகையின் ஒரு பங்கை உள்வாடகைக்கு எதிராகவும் கழித்தால் அது இரட்டைக் கணக்கு. 12 ஆண்டு அல்லது அதற்கு மேற்பட்ட குத்தகை என்றால் சட்டம் குத்தகைதாரரையே உரிமையாளராகப் பார்க்க இடம் உண்டு. அப்போது கணக்கே மாறும், முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இத்தனைக்கும் முன்னால் கட்டட உரிமையாளரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். 2019-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின்படி, சம்மதம் இல்லாமல் ஒரு பகுதியைப் பிறர் கையில் கொடுத்தாலே கடையைக் காலி செய்யச் சொல்ல அது காரணமாகும். "அண்ணாச்சிக்குத் தெரியும், ஒண்ணும் சொல்லமாட்டார்" என்ற பேச்சு அந்த அண்ணாச்சி இருக்கும் வரைதான். கட்டடம் மகன் கைக்கு மாறும்போது தாள்தான் பேசும்.

உள்வாடகை ஒப்பந்தத்தின் தேதிகளையும் மூல ஒப்பந்தத்தைப் பார்த்தே எழுத வேண்டும். உரிமையாளர் 10 சதவீதம் ஏற்றினால் வாடகை 26,400 ஆகும். மொபைல் கடையின் 12,000 அப்படியே நின்றால் அந்த 2,400-உம் ரெடிமேட் கடைக்காரர் தலையில்தான் விழும். ஆகவே இரண்டு ஏற்றமும் ஒரே மாதத்தில் வரும்படி எழுதிக்கொள்ள வேண்டும். முடிவு தேதி மட்டும், மூல ஒப்பந்தம் முடிவதற்கு ஒரு மாதம் முன்னதாக இருக்கட்டும். அட்வான்ஸைத் திருப்பி, தடுப்பைக் கழற்றி, சுவரைச் சரிசெய்து, முழுக் கடையாக உரிமையாளரிடம் சாவி கொடுக்க அந்த ஒரு மாதம் தேவைப்படும்.