பொங்கும் மாவுக்கு இடம்: பாத்திரத்தின் அளவும் வாங்குவோரின் உரிமையும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் செல்லும் பழைய சாலையில், சமயநல்லூரை அடைவதற்கு முன்னே வருகின்ற பரவையில், விடியுமுன்பே காய்கறிச் சந்தைக்குப் புறப்படுகிறவர்கள் பலராதலால், இரவில் கரைத்து வைத்த இட்லி மாவு காலையில் கெடாமலும் குறையாமலும் இருக்கவேண்டியது அங்குள்ள குடும்பங்களுக்கு அன்றாட அவசியமாகும். ஆயினும், சித்திரை வைகாசி மாதங்களில் அதிகாலையில் எழுந்து பார்க்கும்போது, மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு மேடையெங்கும் வழிந்து கிடப்பதை அவ்வூர்ப் பெண்மக்களில் அநேகர் அறிவார்கள். இந்த நஷ்டத்துக்குக் காரணம் மாவும் அல்ல, வெயிலும் அல்ல; பாத்திரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மாவை மட்டும் அளந்துவிட்டு, அதற்குள் பிறக்கப்போகும் வாயுவை அளக்காமல் விட்டதே காரணம். பொங்கிய மாவின் கொள்ளளவில் ஏறக்குறையப் பாதி வாயுவே என்ற ஒரு உண்மையை நன்கு மனத்தில் வாங்கிக்கொண்டால், வீட்டில் எந்தப் பாத்திரம் வேண்டும் என்பதும், கடையில் மாவு வாங்கும்போது நமக்குள்ள உரிமை என்ன என்பதும் ஒருங்கே விளங்கிவிடும்.

அரிசியிலும் உளுந்திலும் இயற்கையாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள், ஊறலின்போதும் அரைத்தபின்னும் பெருகி, மாவிலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் உண்டாக்குகின்றன. அவற்றுள் லியூகோனோஸ்டாக் மெசென்டராய்டீஸ் என்ற நுண்ணுயிரே மாவைப் பொங்கச் செய்வதில் முதன்மையானது என்பதை, முகர்ஜியும் அவருடன் உழைத்த விஞ்ஞானிகளும் 1965-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில் எடுத்துக் காட்டினர். இவ்வாறு பிறக்கும் வாயு வெளியேறிவிடாமல் சிறு சிறு குமிழிகளாக நிற்பதற்கு உளுந்தின் புரதமும் பசைத்தன்மையும் துணை நிற்கின்றன. அரிசி மாவை மட்டும் தனியே புளிக்க வைத்தால் புளிப்பு ஏறுமேயன்றி அந்த எழுச்சி உண்டாகாது. ஆகவே நல்ல உளுந்தைக் கிரைண்டரில் பந்துபோல் எழும்பும்வரை அரைத்துக் கெட்டியாகக் கரைத்த மாவு இருமடங்காக உயர்வது இயல்பு; தண்ணீர் மிகுந்த மாவு அவ்வளவு உயராது, மேலே நுரைத்துக் கீழே தெளிந்துவிடும்.

இனி ஒரு கணக்கைப் பார்ப்போம். நான்கு பங்கு இட்லி அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து என்ற பிரமாணத்தில், 1 கிலோ அரிசியும் 250 கிராம் உளுந்தும் ஊறவைத்து, ஊறலில் உறிஞ்சியதும் அரைக்கையில் சேர்த்ததுமாகத் தண்ணீர் 1.75 லிட்டர் சேர்ந்தால், மாவின் எடை ஏறத்தாழ 3 கிலோவாகும். அரைக்கும்போது அடைபட்ட காற்றையும் கூட்டினால் அதன் கொள்ளளவு சுமார் 3 லிட்டர். இருமடங்காகப் பொங்கும்போது 6 லிட்டர். ஐந்து லிட்டர் பாத்திரத்தில் இதை வைத்தவருக்கு 1 லிட்டர் வெளியே போகும். பொங்கிய மாவில் 1 லிட்டரின் எடை ஏறக்குறைய அரைக் கிலோவாதலால், எட்டுப் பத்து இட்லிக்குரிய மாவு மேடையில் கிடக்கும். சரியாக 6 லிட்டர் கொள்ளும் பாத்திரமும் போதாது. ஏனெனில் மாவின் எழுச்சி உளுந்தின் தரத்தாலும் அன்றைய உஷ்ணத்தாலும் கூடிக் குறையும் தன்மையது. எனவே கரைத்த மாவின் அளவைப்போல் இரண்டரை மடங்கு கொள்ளும் பாத்திரத்தைக் கொள்வதே தக்கது. நம் கணக்கில் அது ஏழரை லிட்டர்.

நேரான பக்கமுடைய எவர்சில்வர் தூக்கு ஒன்றின் உட்குறுக்களவு 22 சென்டிமீட்டரும் உயரம் 20 சென்டிமீட்டருமாக இருந்தால் அது ஏறத்தாழ 7.6 லிட்டர் கொள்ளும். அதில் 3 லிட்டர் மாவு 8 சென்டிமீட்டர் உயரம் நிற்கும். பொங்கினால் 16 சென்டிமீட்டராகும். விளிம்புக்குக் கீழே 4 சென்டிமீட்டர் எஞ்சும். ஆனால் அடி குறுகி நடுவே அகன்ற குண்டானிலும், வாய் ஒடுங்கிய பானையிலும் இந்த உயரக் கணக்குப் பொய்த்துப்போகும். ஒடுங்கிய வாயுள்ள பாத்திரத்தில் மாவு மேலேற ஏற இடம் சுருங்குவதால், பாதி உயரம் காலியாக இருந்தும் மாவு வழிவதுண்டு. இதற்கு எளிய வழி, பாத்திரத்தை ஒருமுறை தண்ணீரால் அளந்துவிடுவதுதான். ஒரு லிட்டர்ப் புட்டியால் விளிம்புவரை ஊற்றி எண்ணிக்கொண்டு, அந்த எண்ணை ஐந்தாகப் பகுத்து, இரண்டு பங்குத் தண்ணீரை மட்டும் மீண்டும் ஊற்றி, அது நிற்குமிடத்தில் வெளிப்புறம் ஒரு கோடு இட்டுவைத்தால், அந்தக் கோட்டுக்கு மேல் மாவு ஊற்றலாகாது என்பது என்றைக்கும் நினைவிருக்கும். கடையில் ‘8 லிட்டர்’ என்று விற்கப்படும் பாத்திரமும் விளிம்பு தளும்ப நிறைத்தால்தான் 8 லிட்டர் என்பதை வாங்குமுன்பே கேட்டறிவது நலம்.

பெரிய பாத்திரம் இல்லாதவர் புதிதாக வாங்கவேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. மாவை இரண்டு பாத்திரங்களில் பகிர்ந்து, ஒவ்வொன்றிலும் ஐந்தில் இரண்டு பங்கு கொள்ளளவுக்குள் நிறுத்திக்கொண்டால் போதும். இதற்கு நேர்மாறாக, அண்டா போன்ற மிகப் பெரிய பாத்திரத்தில் சிறிது மாவைப் பரப்பி வைப்பதும் உசிதமன்று. மேற்பரப்பு காய்ந்து ஏடு படியும், மார்கழிக் குளிரில் மாவு வெதுவெதுப்பை விரைவில் இழந்து எழுச்சி தாமதமாகும்.

எவர்சில்வருக்குள்ளே மாவு எவ்வளவு உயர்ந்தது என்று வெளியிலிருந்து தெரியாது. மூடியை அடிக்கடி திறப்பதும் நன்றன்று. ஆதலால் அதே மாவில் சிறிது எடுத்து நேரான கண்ணாடித் தம்ளர் ஒன்றில் பாதிக்கும் குறைவாக ஊற்றி, மட்டத்தில் நூல் கட்டி, மூடி, பாத்திரத்தின் அருகே வைத்தால், தம்ளரில் மாவு நூல் மட்டத்தைப்போல் இருமடங்கு உயரம் அடையும்போது பாத்திரத்திலும் ஏறத்தாழ அதே நிலை வந்திருக்கும். மதுரைச் சமவெளியின் கோடையில் இது ஐந்தாறு மணி நேரத்திலும், குளிர்நாட்களில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்திலும் நிகழக்கூடும். உச்சத்தை அடைந்த மாவை அப்படியே விட்டுவிட்டால் குமிழிகள் உடைந்து நடுவில் குழி விழும், புளிப்பும் ஏறும். பாத்திரத்தின் உட்பக்கத்தில் மேலே ஒரு வளையக் கறை படிந்திருக்க, மாவு அதற்குக் கீழே தாழ்ந்திருந்தால், அது இரவிலேயே பொங்கி இறங்கிவிட்டது என்று கொள்ளலாம்.

வழிந்த மாவை வழித்துத் திரும்பப் பாத்திரத்தில் சேர்ப்பது பலர் வீட்டில் நடப்பதே. மேடையில் ஊர்ந்த பூச்சிகளின் அசுத்தமும் துடைக்கும் துணியின் அழுக்கும் அதனால் முழு மாவிலும் கலந்துவிடும் என்பதால் அதைத் தவிர்க்கவேண்டும். காற்றுப் புகாத மூடியை இறுக்கி வைப்பதும் அபாயமே. உள்ளே பிறக்கும் வாயுவுக்குப் போக்கிடமின்றி அழுத்தம் மிகுந்து, திறக்கும் வேளையில் மூடி தெறித்து முகத்தில் மாவு அடிக்கக்கூடும். மூடி வெறுமனே மேலே அமர்ந்திருப்பதே போதுமானது.

பாத்திரத்தின் உலோகமும் கவனத்துக்குரியது. புளித்த மாவு அமிலத்தன்மையுடையது. வெள்ளீயப் பூச்சு தேய்ந்த பித்தளையிலும் செம்பிலும் அதை இரவெல்லாம் வைத்தால் செம்பு மாவில் கலக்கும். அலுமினியத்திலும் அமிலம் அரிக்கும். கொள்ளளவு மிகுதி என்ற ஒரே காரணத்துக்காகப் பழைய பெயின்ட் வாளியை எடுத்துப் புளிக்க வைப்பதோ, எக்காலத்தும் செய்யத்தகாத காரியம். உணவுக்கென்று செய்யப்படாத பிளாஸ்டிக்கில் என்ன சேர்ந்துள்ளது என்று நமக்குத் தெரியாது. எவர்சில்வர்ப் பாத்திரங்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயமென்று மத்திய அரசு 2024-இல் ஆணையிட்டிருப்பதால், புதிதாக வாங்குகிறவர் ஐ.எஸ். 14756 என்ற எண்ணோடு கூடிய அம்முத்திரையைக் கேட்டு வாங்க உரிமையுடையவர்.

இனிக் கடைமாவின் விஷயம். பொங்கிய மாவில் 1 லிட்டர் ஏறக்குறைய அரைக் கிலோவே என்று கண்டோம். அப்போதுதான் அரைத்த மாவில் 1 லிட்டர் ஏறத்தாழ 1 கிலோ. ஆகவே, பொங்கிய மாவைக் கரண்டியாலோ பாத்திரத்தாலோ அளந்து விற்கும்போது, வாங்குபவர் பாதி விலையை வாயுவுக்குக் கொடுக்கிறார். இதற்குப் பரிகாரம் எடைபோட்டு வாங்குவதேயாகும். 2011-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருள்கள்) விதிகளின்படி, மாவு போன்ற குழைவான பொருளின் நிகர அளவைப் பொட்டலத்தில் எடையாகவே குறிக்கவேண்டும். தயாரித்தவர் பெயரும் முகவரியும், தயாரித்த காலமும், அதிகபட்ச சில்லறை விலையும், புகார் கூறுவதற்கான தொடர்பும் அதில் இருத்தல்வேண்டும். இவை எதுவுமின்றி வெறும் பிளாஸ்டிக் பையில் கட்டித் தரப்படும் மாவு பருமனாகத் தோன்றினும், எடை எவ்வளவு என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. பொட்டலம் உப்பியிருப்பது மட்டும் மாவு கெட்டதற்கு அடையாளமாகாது. அது உள்ளே புளிப்பு தொடர்வதைக் காட்டும். கெட்ட நாற்றமோ, கருமை, பச்சை, இளஞ்சிவப்புப் பூஞ்சைப் புள்ளிகளோ தெரிந்தால், மேலாக எடுத்துவிட்டு மிச்சத்தைப் பயன்படுத்தாமல் முழுவதையும் விலக்கவேண்டும்.

எடை குறைந்தது என்று கண்டவர், பொட்டலத்தைத் திறக்குமுன்பே பக்கத்துக் கடைத் தராசில் நிறுத்து, அந்த எடை தெரியும்படி படம் எடுத்து, ரசீதோடு வைத்துக்கொள்வது முதற்காரியம். திறந்த பின் நிறுத்தால் அது சான்றாகாது. அதன்பின் விற்றவரிடமும், பொட்டலத்தில் கண்ட தொடர்பிலும் எழுத்துமூலம் கேட்கவேண்டும். பயனில்லையாயின், தமிழ்நாட்டில் எடையளவுச் சட்டத்தை நிறைவேற்றுவது தொழிலாளர் துறையாதலால் மதுரை மாவட்டத்திலுள்ள அத்துறை அலுவலகத்தில் மனுக் கொடுக்கலாம்; சுத்தக்குறைவு பற்றியதானால் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுக்கலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதியலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி, குறை நேர்ந்ததிலிருந்து இரண்டாண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான மதிப்புக்கு அங்கே கட்டணம் கிடையாது.

வீட்டுக்குக் கொண்டுவந்த கடைமாவுக்கும் பாத்திர விதி ஒன்றே. புளிக்காத மாவு 1 கிலோவாயின் இரண்டரை லிட்டர்ப் பாத்திரம் வேண்டும். ஏற்கெனவே பொங்கிய மாவானால் அதன் தற்போதைய அளவுக்கு மேல் கால் பங்கு இடம் விட்டாற் போதும், ஏனெனில் குளிர்பெட்டியிலும் அது மெல்ல மெல்லப் பொங்கிக்கொண்டேயிருக்கும். எது எந்த நிலையிலுள்ளது என்று தெரியாவிட்டால் மாவை எடைபோட்டுப் பார்க்கலாம்: 1 லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் நிறைந்த மாவு 1 கிலோவை நெருங்கினால் அது இன்னும் பொங்கவேண்டியது, அரைக் கிலோவை நெருங்கினால் பொங்கி முடித்தது. இந்த ஒரே சோதனை, எவ்வளவு இடம் விடவேண்டும் என்பதையும், கொடுத்த பணத்துக்கு எவ்வளவு மாவு கிடைத்தது என்பதையும் வாங்கியவருக்குச் சொல்லிவிடும்.