ஜப்பானியர் அவசரக்காரர்களா?

ஜப்பானியர் பேசினால் சரவெடிதான்: நொடிக்கு ஏறக்குறைய 8 அசைகள். வியட்நாமியருக்கு 5 போதும்.

அப்படியானால் ஜப்பானியர் அதிகம் சொல்லிவிடுகிறார்களா? இல்லை. பிரான்ஸின் லியோன் நகர ஆய்வாளர் பெல்லெக்ரினோவும் சகாக்களும் 17 மொழிகளில் ஒரே பொருள்கொண்ட பத்திகளை 170 பேரை வாசிக்கவைத்து, இடைநிறுத்தங்களைக் கழித்து அளந்தார்கள். 2019-ல் முடிவு வெளியானது.

ஜப்பானிய மொழியில் அசைவகைகள் சில நூறுதான். அடுத்த அசையை ஊகிப்பது எளிது. அதனால் ஓர் அசைக்குச் சுமார் 5 பிட் தகவலே. வியட்நாமிய மொழியிலோ ‘மா’ என்ற ஒலியே ஆறு தொனிகளில் ஆறு சொற்களாகிவிடும். அங்கே ஓர் அசைக்கு 8 பிட். பெருக்கிப் பாருங்கள், இரண்டுமே நொடிக்கு 40 பிட்டை ஒட்டி நிற்கும்!

மொத்தச் சராசரி 39. ஆனால் இது நிதானமாக வாசித்த கணக்கு; திண்ணைப் பேச்சை இந்த ஆய்வில் அளக்கவில்லை. தமிழும் அந்தப் பட்டியலில் இல்லை.