மின்னஞ்சல் வடிகட்டியில் 11 மாதங்கள் மறைந்திருந்த வரி நோட்டீஸ்: கெடு முடிய 16 நாள் இருக்கையில் விழித்துக்கொண்ட கணக்கர்

புது தில்லி: தில்லி சாந்தினி சௌக்கை ஒட்டிய மின்சாதனச் சந்தையான பகீரத் பேலஸில், ஸ்விட்ச், வயர், விளக்கு விற்கும் நடுத்தரக் கடை அது. உரிமையாளர் கல்லாவைப் பார்த்துக்கொள்கிறார். சரக்கு மற்றும் சேவை வரி (ஜி.எஸ்.டி.) தொடர்பான பணிகள் அனைத்தும் மாடி அறையில் அமர்ந்திருக்கும் ஒரே கணக்கரின் பொறுப்பு. மாதந்தோறும் உரிய தேதிக்கு முன்பே கணக்குத் தாக்கல் செய்துவிடுவார். தாமதக் கட்டணம் என்று ஒரு ரூபாய்கூடச் செலுத்தியதில்லை.

அந்தக் கடையின் மீது 2025 பிப்ரவரியிலேயே வரித் துறை உத்தரவு பிறப்பித்துவிட்டது என்பது, மே மாதம் 5-ம் தேதி வரை அவருக்குத் தெரியாது.

அன்று ஏப்ரல் மாத விற்பனை விவரத்தைத் தாக்கல் செய்ய அமர்ந்தார். அதற்கான ஒருமுறைக் கடவு எண் (ஓ.டி.பி.) வழக்கமாக உரிமையாளரின் கைப்பேசிக்கு வரும், அவர் படித்துச் சொல்வார். அன்றோ அவர் ஒரு திருமணத்துக்காகச் சொந்த கிராமத்துக்குச் சென்றிருந்தார். தொடர்பு கிடைக்கவில்லை. அதே எண் மின்னஞ்சலுக்கும் அனுப்பப்படுவது கணக்கரின் நினைவுக்கு வந்தது.

கடையின் ஜிமெயிலைத் திறந்தார். புதிய கடிதம் எதுவும் இல்லை. ஸ்பேம் பகுதியிலும் இல்லை. தேடல் கட்டத்தில் `from:gst.gov.in` என்று தட்டச்சு செய்தபோது, நூற்றுக்கணக்கான கடிதங்கள் வரிசையாக வந்து நின்றன. எல்லாமே படித்துவிட்டதாகக் குறியிடப்பட்டவை. ஆனால் ஒன்றைக்கூட அவர் படித்ததில்லை.

தானே போட்ட பூட்டு

விளக்கம் எளிதாகவே கிடைத்தது. 2021-ல், தாக்கல் செய்த ஒவ்வொரு படிவத்துக்கும் ஒப்புகைக் கடிதம், கடவு எண் கடிதம் என்று அஞ்சல் பெட்டி நிரம்பி வழிந்தது. வாடிக்கையாளர்கள் அனுப்பும் ஆர்டர்கள் அவற்றுக்கிடையே தொலைந்துபோயின. இதைத் தவிர்க்க, gst.gov.in முகவரியிலிருந்து வருபவை அனைத்துக்கும் ஒரு வடிகட்டியை அவர் அமைத்தார். `Skip the Inbox`, `Mark as read` ஆகிய இரண்டு கட்டங்களிலும் குறியிட்டார். தொல்லை தீர்ந்தது, வடிகட்டியும் மறந்துபோனது.

முதல் கட்டளையின்படி, கடிதம் வந்தவுடனேயே அஞ்சல் பெட்டியின் முகப்பைத் தாண்டி `All Mail` என்ற கிடங்குக்குப் போய்விடும். இரண்டாவது கட்டளையால், படிக்காத கடிதம் உள்ளது என்று காட்டும் தடித்த எழுத்தும் எண்ணிக்கையும் தோன்றாது. ஸ்பேமில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஏனெனில் அது அங்கே போகவே இல்லை. ஒப்புகைக் கடிதமும் நோட்டீஸ் பற்றிய கடிதமும் ஒரே முகவரியிலிருந்து வருபவை. வடிகட்டி அனுப்புநரை மட்டுமே பார்க்கிறது, உள்ளடக்கத்தைப் பார்ப்பதில்லை.

உள்ளே இருந்தவை ஐந்து கடிதங்கள். 2020-21 நிதியாண்டின் கணக்கில் வேறுபாடு உள்ளதாக விளக்கம் கேட்டு 2024 ஜூனில் வந்தது முதலாவது. இதற்குரிய படிவம் ஏ.எஸ்.எம்.டி.-10. பதிலளிக்க 30 நாள் அவகாசம் உண்டு. விளக்கம் ஏற்கப்பட்டால் விவகாரம் அத்துடன் முடிந்துவிடும். இரண்டாவது, நவம்பரில் வந்த டி.ஆர்.சி.-01 என்னும் காரணம் கேட்கும் நோட்டீஸ். பின்னர் இரண்டு நினைவூட்டல்கள். இறுதியாக, 2025 பிப்ரவரி 21 தேதியிட்ட உத்தரவு.

வாங்கிய சரக்குக்குக் கடை எடுத்துக்கொண்ட உள்ளீட்டு வரி வரவில் ரூ. 2,40,000, விற்றவர்கள் தாக்கல் செய்த விவரங்களில் காணப்படவில்லை என்பதே குற்றச்சாட்டு. நான்கு ஆண்டுகளுக்கு 18 சதவீத வட்டி, 10 சதவீத அபராதம் ஆகியவற்றுடன் தொகை ஏறத்தாழ ரூ. 4.37 லட்சத்தை எட்டியிருந்தது. பதிலே வராததால், அதிகாரி தம்மிடம் இருந்த விவரங்களைக் கொண்டே முடிவெடுத்துவிட்டார்.

சட்டம் என்ன சொல்கிறது?

‘கடிதத்தைப் பார்க்கவில்லை’ என்று வாதிடுவது எளிதல்ல. 2017-ம் ஆண்டின் மத்திய ஜி.எஸ்.டி. சட்டத்தின் 169-வது பிரிவு, நோட்டீஸைச் சேர்ப்பிக்கும் வழிகளை வரிசைப்படுத்துகிறது. நேரில் தருவது, பதிவுத் தபால் ஆகியவற்றுடன், பதிவின்போது தரப்பட்ட மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்புவதும், ஜி.எஸ்.டி. இணையதளத்தில் பதிவேற்றுவதும் அதில் அடங்கும். அனுப்பியவரின் கடமை அங்கே முடிந்துவிடுகிறது.

இணையதளத்தில் பதிவேற்றியதை மட்டுமே வைத்துப் பிறப்பிக்கப்பட்ட உத்தரவுகளை ரத்து செய்து, மறு விசாரணைக்கு அனுப்பிய வழக்குகள் தில்லி, சென்னை உயர் நீதிமன்றங்களில் பல உண்டு. நோட்டீஸ்கள் எளிதில் கண்ணில் படாத கூடுதல் பகுதியில் இருந்தன என்ற முறையீடு அவற்றில் முக்கியமானது. 2024 ஜனவரியில் இணையதளத்தின் அமைப்பு மாற்றப்பட்ட பிறகு, அந்த வாதத்தின் வலு குறைந்துவிட்டது. மேலும், இந்தக் கடைக்கு மின்னஞ்சலும் சென்றிருக்கிறது.

இணையதளத்தில் கணக்கர் ஏன் பார்க்கவில்லை என்ற கேள்வி எழலாம். அவர் பில் போடும் மென்பொருளிலிருந்தே கணக்கைத் தாக்கல் செய்துவந்தார்; இணையதளத்துக்குள் நுழையும் தேவையே எழவில்லை. உரிமையாளரின் கைப்பேசிக்கு வந்த குறுஞ்செய்திகளோ, கடவு எண்களுக்கு நடுவே படிக்கப்படாமல் கிடந்தன.

மிஞ்சிய நாட்கள்

உத்தரவு கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் மேல்முறையீடு செய்ய 107-வது பிரிவு இடமளிக்கிறது. தக்க காரணம் இருந்தால் மேலும் ஒரு மாதம் வரை மேல்முறையீட்டு அதிகாரி தாமதத்தை மன்னிக்கலாம். அதற்கு மேல் அவருக்கும் அதிகாரம் இல்லை. மூன்று மாதம் கடந்தால் வங்கிக் கணக்கை முடக்கி வசூலிக்கும் நடவடிக்கையும் தொடங்கலாம். மே 21-க்கு இன்னும் 16 நாட்களே இருந்தன.

உரிமையாளருக்குச் செய்தி கிடைத்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘நாம் தப்பு செய்தோமா?’ என்பதே. பழைய பில் கட்டுகளைப் பிரித்துப் பார்த்ததில் பாதி விடை கிடைத்தது. ரூ. 1,80,000 அளவுக்கான விற்பனையை, மொத்த வியாபாரி ஒருவர் வேறொரு கடையின் ஜி.எஸ்.டி. எண்ணில் பதிந்திருந்தார். அசல் பில்களும், சரக்கு வந்ததற்கான இ-வே பில்களும், வங்கி வழியே பணம் செலுத்திய சான்றும் கடையில் பத்திரமாக இருந்தன. எஞ்சிய ரூ. 60,000, கணக்கர் இருமுறை பதிந்த பில்களால் வந்த உண்மையான பிழை.

ஒப்புக்கொண்ட ரூ. 60,000, அதற்கான வட்டி, அபராதம் ரூ. 6,000 ஆகியவை முழுமையாகச் செலுத்தப்பட்டன. மறுக்கப்பட்ட வரியில் 10 சதவீதமான ரூ. 18,000 முன்பணமாகக் கட்டப்பட்டது. மே 16-ல் மேல்முறையீடு தாக்கலானது. முன்பணம் கட்டிவிட்டதால் மீதித் தொகைக்கான வசூல் நடவடிக்கை நிறுத்திவைக்கப்படும்.

நவம்பர் நோட்டீஸை 30 நாட்களுக்குள் பார்த்து வரியையும் வட்டியையும் கட்டியிருந்தால், அந்த ரூ. 6,000 அபராதம் இல்லை. ஜூன் கடிதத்துக்கே பில்களைக் காட்டியிருந்தால், மேல்முறையீட்டுக்கே வேலை இல்லாமல் போயிருக்கக்கூடும்.

வடிகட்டிகளைச் சரிபார்ப்பது சில நிமிட வேலை. ஜிமெயிலில் `Settings` சென்று, `See all settings`, பிறகு `Filters and Blocked Addresses` என்ற பகுதியைத் திறந்தால், இதுவரை அமைத்தவை அனைத்தும் பட்டியலாகத் தெரியும். வடிகட்டியை நீக்கினாலும் பழைய கடிதங்கள் தாமாக முகப்புக்குத் திரும்பா. தேடித்தான் எடுக்க வேண்டும். `Delete it` என்று அமைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். குப்பைக்குப் போன கடிதங்கள் 30 நாட்களில் நிரந்தரமாக அழிந்துவிடும்.

பகீரத் பேலஸ் கணக்கர் தமது வடிகட்டியை நீக்கிவிட்டார். ஜி.எஸ்.டி. பதிவில் உள்ள கைப்பேசி எண்ணை உரிமையாளரின் சம்மதத்துடன் தமது எண்ணாக மாற்றிக்கொண்டார். இப்போது திங்கள்கிழமை தோறும் கடை திறந்ததும் இணையதளத்துக்குள் நுழைந்து, நோட்டீஸ் பகுதியைப் பார்த்து, தேதியை ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறார். பெரும்பாலான வாரங்களில் அந்தத் தேதிக்கு எதிரே எழுதப்படுவது ‘ஒன்றும் இல்லை’ என்ற இரு சொற்கள்தான்.