கரன்ட் போனது சரி, எங்கே போனது?

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. வந்த புயல் கிளம்பாமல் மறுநாள் முற்பகல்வரை அநேகமாக அதே இடத்தில் நின்றது. மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை பதிவானது. விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தை வெள்ளம் தொட்டதால் ரயில்களை நிறுத்தினார்கள். வானூர், திண்டிவனம் பக்கத்து ஊர்கள் பலவற்றில் கரன்ட் வர நாள்கணக்கில் ஆனது.

வீட்டில் கரன்ட் போனால் மெழுகுவத்தி ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். கோல்டு ஸ்டோரேஜ் வைத்திருப்பவருக்கு அந்த நிமிடத்திலிருந்தே சரக்கு கரையத் தொடங்குகிறது. "இன்சூரன்ஸ் இருக்கிறதே" என்ற தைரியம் சர்வேயர் வரும்வரைதான். அவர் கேட்கும் முதல் கேள்வி எத்தனை கிலோ கெட்டது என்பதல்ல. கரன்ட் எங்கே போனது, ஏன் போனது என்பதே.

கிடங்குக்காரர்கள் பலரும் வைத்திருப்பது தீ மற்றும் சிறப்பு ஆபத்துகளுக்கான பாலிசி. சிறு தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து இது 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா', 'பாரத் லகு உத்யம் சுரக்ஷா' என்ற பெயர்களில் வருகிறது. புயலும் வெள்ளமும் இதில் அடங்கும். தகரக் கூரை பறந்தால் பணம் உண்டு. வெள்ளம் உள்ளே வந்து அட்டைப்பெட்டிகள் நனைந்து ஊறினாலும் உண்டு. ஆனால் அதே பாலிசியின் விலக்குப் பட்டியலில் ஒரு வரி இருக்கிறது: குளிர்பதனக் கிடங்கில் வெப்பநிலை மாறியதால் சரக்குக்கு வந்த சேதம் இதில் சேராது. ஆக, அதே புயலில் அதே அறையில் நனைந்த பெட்டிக்குக் காசு கிடைக்கும், நனையாமல் உருகிய பெட்டிக்குக் கிடைக்காது. கேட்பவருக்கு அநியாயமாகத்தான் படும். ஆனால் அந்தப் பாலிசிக்கு வாங்கிய பிரீமியத்தில் வெப்பநிலை ஆபத்துக்கான விலை சேரவில்லை.

அதைச் சேர்க்க இரண்டு வழிகள் உண்டு. தீ பாலிசியோடு கூடுதல் பிரீமியம் கட்டி இணைப்பு வாங்குவது ஒன்று. இதிலும் இரண்டு தனித்தனி இணைப்புகள் உள்ளன. மின்நிலையத்தின் பக்கம் புயல், தீ போன்ற காப்பீட்டு ஆபத்தால் சேதமாகி, அதனால் கரன்ட் நின்று சரக்கு கெட்டால் கொடுப்பது முதல் இணைப்பு. அதே ஆபத்தால் உங்கள் கிடங்கின் குளிர்பதன இயந்திரம் பழுதாகி, அதனால் சரக்கு கெட்டால் கொடுப்பது இரண்டாவது. வெள்ளத்தில் கம்ப்ரசர் அறை மூழ்கிய கிடங்குக்காரர் முதலாவதை மட்டும் வாங்கி வைத்திருந்தால் பயனில்லை.

இன்னொரு வழி, 'டிடீரியரேஷன் ஆஃப் ஸ்டாக்' என்ற தனிப் பாலிசி. ஏஜென்ட்கள் சுருக்கமாக டி.ஓ.எஸ். என்பார்கள். கம்ப்ரசர் திடீரென்று பழுதானாலோ, குளிர்வாயு கசிந்தாலோ, வெளி மின்சாரம் எதிர்பாராமல் அற்றுப்போனாலோ கெடும் சரக்குக்கு இது பொறுப்பேற்கும். ஆனால் குளிர்பதன இயந்திரங்களுக்கு இயந்திரப் பழுது பாலிசி நடப்பில் இருந்தால்தான் இது செல்லும். அந்தப் பாலிசியைப் புதுப்பிக்க மறந்தால் இதுவும் சேர்ந்து விழுந்துவிடும்.

எல்லா வழியிலும் குறுக்கே நிற்கும் சொல் 'எதிர்பாராமல்' என்பதுதான். மின்வெட்டு, மின்பங்கீடு, வாரியம் வேண்டுமென்றே நிறுத்தியது ஆகியவை விபத்து ஆகாது. புயல் நேரத்தில் இது சிக்கலாகிறது. காற்று வலுத்ததும் அறுந்த கம்பியில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று மின்வாரியமே பீடரை நிறுத்திவிடும். அது வேண்டுமென்றே செய்ததா, விபத்தா? உயிரையோ மின்கட்டமைப்பையோ காப்பாற்ற மட்டுமே நிறுத்தினால் அதை விலக்கில் சேர்ப்பதில்லை என்று சில பாலிசிகளில் எழுதியிருக்கும். சிலவற்றில் அந்த வாசகம் இருக்காது. கடலோரத்தில் கிடங்கு வைத்திருப்பவர் பாலிசியில் முதலில் தேட வேண்டியது அந்த ஒரு வாசகத்தைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது கற்பனைக் கிடங்கு, எந்த நிறுவனத்தையும் குறிப்பதல்ல. வானூர் வட்டத்தில், திருச்சிற்றம்பலம் கூட்டுரோடு பக்கம் ஓர் உறைநிலைக் கிடங்கு. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 5 மீட்டர் உயரம். சுவர் முழுக்க பஃப் பேனல். உள்ளே மைனஸ் 18 டிகிரியில் 12 டன் மீன்: சூரை, கானாங்கெளுத்தி, சங்கரா. கொள்முதல் விலை சராசரியாகக் கிலோ 250 ரூபாய் என்றால் சரக்கின் மதிப்பு 30 லட்சம். நவம்பர் 30 மாலை 5 மணிக்கு வாரியம் பீடரை நிறுத்துகிறது. இரவு 11 மணிக்கு மின்கம்பங்கள் சாய்கின்றன. டிசம்பர் 3 காலையில் கரன்ட் வருகிறது.

கதவைத் திறக்காவிட்டால் இந்த அறை எவ்வளவு நேரம் தாங்கும்? வெளியே 28 டிகிரி இருந்தால் சுவர், கூரை, தரை வழியாக உள்ளே ஏறும் வெப்பம் ஏறத்தாழ 3 கிலோவாட், அதாவது மூன்று இஸ்திரிப் பெட்டிகளை உள்ளே போட்டுவைத்தது போல. அறையில் 60 டன் சரக்கு இருந்திருந்தால் சராசரி வெப்பநிலை ஒரு டிகிரி ஏறவே அரை நாள் பிடிக்கும். 12 டன்தான் என்றால் இரண்டரை மணி நேரம் போதும். நிறைந்த கிடங்கு தன்னைத்தானே குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும். பாதி காலியான கிடங்கு சீக்கிரம் சூடேறும். இதுவும் சராசரிதான். கூரையை ஒட்டிய மேல் அடுக்கும் கதவோரப் பெட்டிகளும் முதலில் இளகும், நடு அடுக்கு கல்லாகவே இருக்கும். "எப்படி இருக்கிறது பார்ப்போம்" என்று மணிக்கொரு முறை கதவைத் திறப்பவர் இந்தக் கணக்கை எல்லாம் தானே கெடுத்துக்கொள்கிறார்.

பாலிசியும் இந்த இயற்பியலை அறிந்தே எழுதப்பட்டிருக்கிறது. 'நோ கிளைம் பீரியட்' என்று ஒரு கால அளவு அதில் இருக்கும். குளிர்ச்சி நின்ற பிறகு, அறை மூடியிருந்தால் இத்தனை மணி நேரம் சரக்கு கெடாது என்று வைத்துக்கொண்டு, அந்த நேரத்துக்கு நிறுவனம் பொறுப்பேற்காது. நம் உதாரணத்தில் சர்வேயர் இன்னொரு கோட்டையும் போடுவார்: 5 மணி முதல் 11 மணி வரை வாரியம் நிறுத்தியது, 11 மணிக்கு மேல் விபத்து. அந்த ஆறு மணி நேரம் எந்தப் பக்கம் சேர்கிறது என்பதை மேலே சொன்ன வாசகம் தீர்மானிக்கும். எனவே கரன்ட் எப்போது நின்றது, கம்பம் எப்போது விழுந்தது, காரணம் என்ன என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுத்தில் வாங்கி வைப்பது அவசியம். துணை மின் நிலையப் பதிவேட்டில் பீடர் நின்ற நேரம் இருக்கும். மாதம் கழித்துப் போய்க் கேட்பதைவிட அந்த வாரமே கேட்பது சுலபம்.

ஜெனரேட்டர் இல்லையா என்று கேட்கலாம். இருக்கும். 62.5 கே.வி.ஏ. ஜெனரேட்டர் ஓரளவு முழுச் சுமையில் மணிக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் டீசல் குடிக்கும். 200 லிட்டர் பேரல் ஒரு நாளைக்குக்கூட வராது. சாலையில் தண்ணீர் ஓடும்போது அடுத்த பேரல் எங்கிருந்து வரும்? கரன்ட் இல்லாத பங்க்கிலும் ஜெனரேட்டர் ஓடினால்தான் டீசல் கிடைக்கும்.

கரன்ட் வந்ததும் கிடங்குகளில் செய்யும் பெரிய தவறு, கம்ப்ரசரைப் போட்டு எல்லாவற்றையும் மறுபடி உறையவைத்துவிட்டு எதுவும் நடக்காதது போல இருப்பது. தடயம் பெட்டியிலேயே இருக்கும். உருகிய நீர் கீழே வழிந்து, அட்டைப்பெட்டியின் ஒரு மூலையில் இளஞ்சிவப்புப் பனிக்கட்டியாக உறைந்திருக்கும். தனித்தனியாக இருந்த மீன்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பாளமாகியிருக்கும். சர்வேயர் மேல், நடு, கீழ் அடுக்குகளிலிருந்து பெட்டிகளை எடுத்து, மீனில் துளை போட்டு உள்வெப்பநிலையை அளப்பார். சூரையும் கானாங்கெளுத்தியும் இளகி வெதுவெதுப்பில் கிடந்தால் ஹிஸ்டமின் உண்டாகும். சமைத்தாலும் அது போகாது. சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து தடிப்பு வரும். வெறும் வாசனை பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்ப வேண்டும். சங்கராவில் இந்தத் தொல்லை இல்லை. அதனால் ஒரே அறையில் ஒரே சூட்டைக் கண்ட இரண்டு மீன்களுக்கு இரண்டு தீர்ப்பு வரலாம்.

எல்லாவற்றுக்கும் அடிப்படை வெப்பநிலைப் பதிவேடு. சுவரில் இருக்கும் டிஸ்ப்ளே கரன்ட்டில் ஓடுகிறது. சாட்சி தேவைப்படும் நேரத்தில் சரியாக அது கண்ணை மூடிக்கொள்ளும். பேட்டரியில் ஓடும் சின்ன டேட்டா லாகர் ஒன்றை மேல் அடுக்கில் போட்டுவைத்தால், கரன்ட் இல்லாத அறுபது மணி நேரமும் பதிவாகியிருக்கும். பழைய ஆட்கள் தம்ளரில் தண்ணீரை உறையவைத்து மேலே ஒரு நாணயத்தை வைப்பார்கள். நாணயம் அடியில் போய் உறைந்திருந்தால் நடுவில் ஐஸ் உருகியது என்று பொருள். முதலாளி தெரிந்துகொள்ள அது போதும், கிளைமுக்குப் போதாது.

நம் கிடங்குக்கு வருவோம். மேல் அடுக்குகளில் 4 டன் கெட்டது என்று முடிவானால் நஷ்டம் 10 லட்சம். கெட்ட மீனை மீன்தூள் ஆலை கிலோ 15 ரூபாய்க்கு எடுத்தால் 60,000 கழியும், மிச்சம் 9.40 லட்சம். ஆனால் 30 லட்சம் சரக்குக்கு இவர் 24 லட்சத்துக்குத்தான் காப்பீடு எடுத்திருக்கிறார். எடுத்தது ஐந்தில் நாலு பங்கு என்பதால் நஷ்டத்திலும் நாலு பங்குதான்: 7.52 லட்சம். அதில் பாலிசிதாரர் ஏற்கும் 'எக்ஸஸ்' 10 சதவீதம் என்றால் 75,200 போய், கைக்கு வருவது 6,76,800 ரூபாய். தீபாவளி, பொங்கலுக்கு முன் சரக்கு ஏறும்போது காப்பீட்டுத் தொகையை ஏற்றாமல் விடுவதன் விலை இந்தக் கணக்கில் தெரிகிறது. கிலோ 400-க்கு விற்றிருப்பேன் என்பதோ, வாடிக்கையாளர் கைநழுவியதோ இதில் சேராது.

கெட்ட மீனை நாற்றம் தாங்காமல் அன்றைக்கே குழி தோண்டிப் புதைப்பவர்கள் உண்டு. தப்பு சொல்ல முடியாது, அக்கம்பக்கத்தார் விடமாட்டார்கள். ஆனால் நிறுவனத்துக்குத் தகவல் தராமல், எடை போடாமல், படம் எடுக்காமல், மாதிரி எடுத்து வைக்காமல் புதைத்தால் கிளைமும் அதே குழிக்குள் போய்விடும்.

சரக்கு கிடங்குக்காரருடையதாக இல்லாமல், வாடகைக்கு வைத்த விவசாயியுடையதாக இருந்தால்? கர்நாடகத்தில் 2014-ல் தீப்பிடித்த ஒரு குளிர்பதனக் கிடங்கில் இந்தக் கேள்வி வந்தது. விவசாயிகள் சரக்கை அங்கே வைத்து, ரசீதை அடகுவைத்து கனரா வங்கியில் கடன் வாங்கியிருந்தார்கள். பாலிசி கிடங்கின் பெயரில் இருந்தது. விவசாயிகளுக்கும் எங்களுக்கும் ஒப்பந்தமே இல்லை என்று யுனைடெட் இந்தியா நிறுவனம் வாதிட்டது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. விவசாயிகளும் நுகர்வோரே என்று சொல்லி இழப்பீடு தரச் செய்தது. அது தீ வழக்கு, வெப்பநிலை வழக்கு அல்ல. ஆனாலும் ஒரு மூட்டை வைக்கப் போகும்போதே, அந்தக் கிடங்கின் பாலிசியில் பிறர் சரக்கும் சேர்ந்திருக்கிறதா, வெப்பநிலை மாற்றத்துக்கு இணைப்பு உண்டா என்று கேட்டு ரசீதில் எழுதி வாங்கலாம்.

கிளைமை நிறுவனம் மறுத்தாலோ குறைத்தாலோ முதலில் அதன் குறைதீர் பிரிவுக்கு எழுத வேண்டும். அதிலும் தீராவிட்டால், தனி உரிமையாளரோ குறுந்தொழில் நிறுவனமோ சென்னையில் உள்ள காப்பீட்டு ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை, ஓராண்டுக்குள் போக வேண்டும். 50 லட்சம் வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. அதற்கு மேற்பட்ட தொகை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.