கேள்வி வரும் வரிசையில் விற்பனைப் பக்கம்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருப்பது வேங்கிக்காலில். அங்கே ஓர் ஆசிரியர் குரூப் 4 தேர்வுக்கு இணையவழி வகுப்பு நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய விற்பனைப் பக்கம் நீளமானது. முதலில் தேர்ச்சி பெற்றவர்களின் படங்கள், அடுத்து ஆசிரியரின் அனுபவம், பிறகு 'இன்று மட்டும்' தள்ளுபடி, பாடத்திட்டம், ஃபீஸ். கடைசியில் 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்'. எல்லாத் தகவலும் இருந்தும், படித்தவர்கள் போன் செய்து அதையே மறுபடி கேட்கிறார்கள்.

இங்கே எழுத்தில் குறையில்லை, வரிசைதான் தவறு. படிப்பவரின் மனதில் முதலில் எழும் சந்தேகத்துக்குப் பதில் கடைசியில் கிடக்கிறது. அவ்வளவு தூரம் யாரும் வருவதில்லை.

சரிசெய்ய வாட்ஸ்அப்பிலும் போனிலும் வந்த கேள்விகளை, கேட்டவரின் சொற்களிலேயே எழுதிக்கொள்ள வேண்டும். "சார், நான் பத்தாவதுதான், எழுதலாமா?" "கணக்கு சுத்தமா வராது, முடியுமா?" "வேலைவாய்ப்பு அலுவலகத்துல ஃப்ரீயா கிளாஸ் எடுக்கறாங்களே, இதுக்கு ஏன் காசு?" "கடைக்குப் போறேன், எப்ப படிக்கறது?" "பாதியில விட்டா பணம் திரும்புமா?" பிறகு பக்கத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனிச் சீட்டில் எழுதி, இவற்றில் எந்தக் கேள்விக்கு அது பதில் என்று ஓரத்தில் குறிக்க வேண்டும். எந்தக் கேள்விக்கும் பதிலாகாத சீட்டைத் தயங்காமல் எடுத்துவிடலாம்.

அடுக்குவதற்கு ஒரே அளவுகோல்தான்: எந்தப் பதில் தெரிந்தால்தான் அடுத்த பதிலுக்குப் பொருள் வரும்? பத்தாவது போதுமா என்று தெரியாதவருக்கு மற்ற எதுவும் காதில் ஏறாது. ஆகவே அதுதான் முதல். கணக்கு பயம் இரண்டாவது. இதற்குத் தைரியம் சொல்வதைவிட தேர்வின் அமைப்பைச் சொல்வது மேல். மொத்தம் 200 கேள்விகள். அதில் 100 தமிழ், 75 பொது அறிவு, கணக்கும் திறனறிவும் சேர்ந்து 25. தமிழில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் மற்ற பகுதி கணக்கில் வராது. இதைப் படித்ததும், முதலில் எதில் உழைக்க வேண்டும் என்பது அவருக்கே புரிந்துவிடும்.

இலவச வகுப்பு பற்றிய கேள்வியைப் பல ஆசிரியர்கள் பக்கத்தில் எழுதவே அஞ்சுகிறார்கள். எழுதத்தான் வேண்டும், அதுவும் ஃபீஸுக்கு முன்பே. வேலைவாய்ப்பு அலுவலகத் தன்னார்வப் பயிலும் வட்டத்துக்கு நேரில் போக முடிகிறவருக்கு அது போதுமானதாக இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டு, பகலில் வேலைக்குப் போகிறவருக்கு இந்த வகுப்பில் என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லலாம். வாரம் எத்தனை தேர்வு, விடைத்தாளை யார் பார்ப்பார், சந்தேகம் கேட்டால் எத்தனை மணி நேரத்தில் பதில் என்றெல்லாம் சொன்ன பிறகுதான் ஃபீஸ் தொகை எதற்கு என்பது விளங்கும். பணம் திரும்பத் தரும் விதி ஃபீஸுக்கு அடுத்த வரியிலேயே வர வேண்டும். தொகையைப் பார்த்த அந்த நொடியில்தான் அந்தப் பயம் வருகிறது.

தேர்ச்சிப் படங்களை என்ன செய்வது? மொத்தமாக மேலே குவிக்காமல் உரிய சந்தேகத்தின் அருகே வைக்கலாம். கடை வேலை பார்த்துக்கொண்டே படித்தவரின் சொல், நேரம் பற்றிய பகுதிக்குப் பொருந்தும். பயிற்சி மையங்களுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களையும் கவனிக்க வேண்டும். படத்தில் இருப்பவர் தேர்வான பிறகு அவரிடம் எழுத்துபூர்வ ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். அவர் எந்த வகுப்பில், எவ்வளவு காலம் படித்தார், அது கட்டண வகுப்பா என்பதைத் தெரிவிக்க வேண்டும். வேலை உறுதி என்று சொல்லக்கூடாது. 'இன்று மட்டும்' தள்ளுபடி நாளைக்கும் தொடர்ந்தால், அது அதே ஆணையத்தின் 2023 வழிகாட்டுதல்கள் தடுக்கும் பொய் அவசரம். அந்தச் சீட்டை நீக்கிவிடுவதே நேர்மை.

இந்த வரிசை எல்லாருக்கும் பொருந்தாது. பழைய மாணவர் சொல்லி வருகிறவருக்குச் சந்தேகமே இருக்காது. அவருக்காக மேலேயே ஃபீஸ் பகுதிக்கு ஒரு பொத்தான் வைத்தால் போதும்.

மாற்றும்போது வரிசையை மட்டும் மாற்றி, வாசகங்களை அப்படியே விடுங்கள். இரண்டையும் சேர்த்து மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. சிறிய வகுப்புக்கு வருகிறவர்கள் குறைவு என்பதால் சேர்க்கை எண்ணிக்கையை வைத்து அவசரமாக முடிவுசெய்ய முடியாது. அதைவிட, போனில் வரும் கேள்விகளைக் கவனியுங்கள். "பத்தாவது போதுமா?" நின்று, "எந்த பேட்ச்ல சேரலாம்?" என்று கேட்கத் தொடங்கினால் வரிசை வேலை செய்கிறது. பதில் பக்கத்தில் இருந்தும் ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அந்தப் பதிலை இன்னும் மேலே நகர்த்துங்கள். அங்கேயும் கேள்வி நிற்கவில்லை என்றால், அதன் வாசகத்தைத் திருத்துங்கள்.