சிலிக்கான் ஏன் ஒளிர்வதில்லை?

ரேடியோ, டிவி பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும் ஒரு டப்பா நிறைய 1N4007 கிடக்கும். கறுப்பு உருளை, ஒரு முனையில் வெள்ளிக் கோடு. அது சிலிக்கான் டயோடு. பக்கத்து டப்பாவில் இருக்கும் சிவப்பு எல்.இ.டி.யும் ஒரு டயோடுதான். இரண்டிலும் 20 மில்லி ஆம்பியர் செலுத்தினால் ஒன்று பளிச்சென்று எரிகிறது. மற்றது லேசாகச் சூடாவதோடு சரி.

எல்லா டயோடிலும் நடப்பது ஒன்றே. ஒரு பக்கத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வருகின்றன. மறுபக்கத்தில் எலெக்ட்ரான் இல்லாத வெற்றிடங்கள், அதாவது துளைகள், காத்திருக்கின்றன. சந்திப்பில் எலெக்ட்ரான் மேல்மட்ட ஆற்றலிலிருந்து இறங்கித் துளையை நிரப்புகிறது. இரு மட்டங்களுக்கும் நடுவிலுள்ள ஆற்றல் இடைவெளி எவ்வளவோ, அவ்வளவு ஆற்றல் வெளியேற வேண்டும். ஒளியாகவா வெப்பமாகவா என்பதில்தான் பொருளுக்குப் பொருள் வேறுபாடு.

எலெக்ட்ரானுக்கு ஆற்றலோடு உந்தமும் உண்டு. ஒளித்துகளோ ஆற்றலை அள்ளிச் செல்லும். உந்தத்தை அநேகமாகச் சுமக்காது. காலியம் ஆர்செனைடில் மேல்மட்டத்தின் அடிப்புள்ளியும் கீழ்மட்டத்தின் உச்சிப்புள்ளியும் ஒரே உந்தத்தில் அமைந்திருப்பதால், மரத்திலிருந்து மாங்காய் விழுவது போல எலெக்ட்ரான் நேராக இறங்கி ஒளியை விடுகிறது. இதுவே நேரடி இடைவெளி. டிவி ரிமோட்டின் முனையிலுள்ள அகச்சிவப்பு எல்.இ.டி.க்கள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை. ரிமோட் பொத்தானை அழுத்திக்கொண்டு செல்போன் கேமராவில் பார்த்தால், பெரும்பாலான போன்களில் அது மினுங்குவது தெரியும்.

சிலிக்கானில் அந்த இரண்டு புள்ளிகளும் நேருக்கு நேர் இல்லை. எலெக்ட்ரான் இறங்க வேண்டுமானால், படிக அணுக்களின் அதிர்வு ஒன்று அதே கணத்தில் வந்து உந்தக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டும். அப்படி அமைவது அபூர்வம். அதற்குள் படிகத்தில் எங்கோ உள்ள குறையிலோ மாசிலோ எலெக்ட்ரான் சிக்கி, ஆற்றல் வெப்பமாகிவிடுகிறது. மறைமுக இடைவெளி என்பது இதுதான். தப்பிப் பிறக்கும் சொற்ப ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு.

1907இல் ஹென்றி ரவுண்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் சிலிக்கான் கார்பைடு படிகத்தில் மின்சாரம் பாய்ச்சி மஞ்சள் நிற ஒளியைக் கண்டார். அந்தப் பொருளும் மறைமுக இடைவெளி கொண்டது. 1980களின் இறுதியில் அதிலிருந்து நீல எல்.இ.டி.க்கள் விற்பனைக்கு வந்தபோதும் வெளிச்சம் மங்கலாகவே இருந்தது. நேரடி இடைவெளி கொண்ட காலியம் நைட்ரைடை அகாசாகி, அமானோ, நகாமுரா மூவரும் வசப்படுத்திய பிறகே பிரகாசமான நீலம் கிடைத்தது. 2014இன் இயற்பியல் நோபல் அதற்காகத்தான். இன்றைய வெள்ளை விளக்குகளில் பெரும்பாலானவை, மஞ்சள் ஒளிர்பூச்சு பூசிய நீல எல்.இ.டி.க்களே.

இடைவெளி பெரிதானால் ஒளியின் நிறம் நீலத்தை நோக்கி நகரும், எல்.இ.டி. கேட்கும் வோல்ட்டும் கூடும். சிவப்புக்கு ஏறத்தாழ 2 வோல்ட், நீலத்துக்கும் வெள்ளைக்கும் 3.2 வோல்ட். அந்த அளவைத் தாண்டிக் கொஞ்சம் கூட்டினாலும் மின்னோட்டம் பலமடங்கு எகிறும். எல்.இ.டி. சூடானால் அது கேட்கும் வோல்ட் குறையும், அதனால் மின்னோட்டம் இன்னும் ஏறும். இந்தச் சுழலை நிறுத்தத்தான் தொடரில் ஒரு ரெசிஸ்டர்.

பைக்கின் 12 வோல்ட் பேட்டரியில் ஒரு வெள்ளை எல்.இ.டி.யை மாட்டுவதாகக் கொள்வோம். எல்.இ.டி.க்கு 3.2 போக மீதி 8.8 வோல்ட்டை ரெசிஸ்டர் ஏற்க வேண்டும். அதை 0.02 ஆம்பியரால் வகுத்தால் 440 ஓம். கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 470. மஞ்சள், ஊதா, பழுப்பு வளையங்கள் கொண்ட கால் வாட் ரெசிஸ்டரைப் போட்டால் மேசையில் நன்றாகவே எரியும்.

ஆனால் இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 14.4 வோல்ட் வரை ஏறும். அப்போது ரெசிஸ்டருக்கு 11.2 வோல்ட், மின்னோட்டம் 24 மில்லி ஆம்பியர், வெப்பமாவது 0.27 வாட். கால் வாட்டைத் தாண்டிவிட்டது. மூடிய விளக்குக் கூட்டுக்குள் வளைய நிறங்கள் நாளடைவில் கருத்துவிடுவது இதன் அடையாளம். 680 ஓம் போட்டால் 14.4 வோல்ட்டிலும் 16.5 மில்லி ஆம்பியர்தான், 0.18 வாட்தான். வெளிச்சம் குறைவது கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது.

மின்சாரம் வீணாகிறதே என்று மூன்று வெள்ளை எல்.இ.டி.க்களைத் தொடராக இணைப்பவர்கள் உண்டு. மூன்றும் சேர்ந்து 9.6 வோல்ட், மீதி 2.4; ரெசிஸ்டர் 120 ஓம். 12 வோல்ட்டில் கணக்குச் சரி. 14.4 ஆனதும் ரெசிஸ்டரின் பங்கு 4.8 வோல்ட்டாகி, மின்னோட்டமும் இரட்டித்து ஏறக்குறைய 40 மில்லி ஆம்பியரைத் தொடும். மூன்றும் சீக்கிரமே மங்கும். இரண்டை மட்டும் தொடராக்கி, முதலில் எடுத்த அதே 470 ஓமைப் போட்டால், 14.4 வோல்ட்டில் 17 மில்லி ஆம்பியர். ரெசிஸ்டரில் 0.14 வாட், கால் வாட் இப்போது தாராளமாகப் போதும்.