சுவருக்கு உண்டு, பீரோவுக்கு இல்லை

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை நனைத்தபோது வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பக்கம் தரைத்தளத்தில் குடியிருந்தவர்கள் பலர் கட்டில் மட்டத்துக்கு வந்த தண்ணீரைப் பார்த்தார்கள். அப்படி ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கும் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் வடிந்ததும் அவர்கள் ஓனருக்குப் போன் போடுகிறார்கள். "கவலைப்படாதீங்க, இன்சூரன்ஸ் இருக்கு" என்கிறார் அவர். அது பொய்யில்லை. ஆனால் அந்த இன்சூரன்ஸ் யாருடையது, எதற்கு என்று இருவருமே யோசிப்பதில்லை.

பெரும்பாலும் அது வீட்டுக் கடன் வாங்கியபோது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி. அது கட்டடத்துக்கானது. சுவர், தரை, கதவு, வயரிங், சுவரோடு பதித்த அலமாரி ஆகியவற்றைச் சரிசெய்யப் பணம் தரும். ஓனர் வீட்டுப் பொருள்களையும் அதில் சேர்த்திருந்தால், அவர் மாட்டிக் கொடுத்த ஃபேன், கீசர் போன்றவற்றுக்கும் கிடைக்கலாம். உங்கள் ஃபிரிட்ஜுக்குக் கிடைக்காது. ஒரு பொருள் அழிந்தால் யாருக்கு நஷ்டமோ அவர்தான் அதை இன்சூர் செய்ய முடியும். உங்கள் பீரோ மூழ்கினால் ஓனருக்கு ஒரு பைசா நஷ்டமில்லை. அட்வான்ஸ் கொடுத்திருப்பதாலோ மாதாமாதம் மெயின்டனன்ஸ் கட்டுவதாலோ இது மாறாது.

இந்த இடைவெளியை நிரப்ப வாடகைதாரர் தன் பொருள்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். 2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற ஒரே மாதிரியான வீட்டு பாலிசியை விற்கின்றன. கட்டடத்தை விட்டுவிட்டு, உள்ளே இருக்கும் பொருள்களுக்கு மட்டும் அதை வாங்க வழி உண்டு. தீ, இடி, புயல், வெள்ளம், நிலநடுக்கம், தண்ணீர்த் தொட்டியோ குழாயோ உடைவது எல்லாம் அதில் வரும்.

எவ்வளவுக்கு எடுப்பது? நம் குடும்பம் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கணக்குப் போடுகிறது. ஃபிரிட்ஜ் 35,000, வாஷிங் மெஷின் 28,000, டிவி 40,000, கட்டில் மெத்தை 45,000, பீரோ 30,000, லேப்டாப் 60,000. பாத்திரம், மிக்சி, கிரைண்டர், அடுப்பு சேர்த்து 50,000. நாலு பேர் துணிமணி 80,000. புத்தகம், சைக்கிள், சில்லறைச் சாமான் 32,000. மொத்தம் 4 லட்சம். இவை வாங்கிய காலத்து விலையல்ல, இன்று கடைக்குப் போனால் கொடுக்க வேண்டிய விலை. பாலிசியும் புதிதாக வாங்கும் செலவைத்தான் கணக்கில் எடுக்கிறது. இந்தத் தொகைக்கு ஆண்டு பிரீமியம் ஒரு குடும்பம் ஓட்டலில் சாப்பிடும் செலவைத் தாண்டுவது அரிது. அப்படியும் வாடகை வீட்டில் இதை எடுத்தவர்களை நான் பார்த்தது குறைவு.

இனி இதில் ஏமாந்துபோகும் இடங்கள். முதலாவது திருட்டு. பூட்டை உடைத்து டிவியைத் தூக்கிப்போனால் இந்த அடிப்படை பாலிசி தராது. வெள்ளம், தீ போன்ற விபத்தின் விளைவாக, அது நடந்த 7 நாளுக்குள் திருடுபோனால்தான் தரும். சாதாரணத் திருட்டுக்குத் தனியாகக் கேட்டு, கூடுதல் பிரீமியம் கட்டிச் சேர்க்க வேண்டும். நகைக்கும் அப்படியே. ரொக்கப் பணம் இதில் வராது. இரண்டாவது மின்சாரம். வோல்டேஜ் எகிறி ஃபிரிட்ஜ் கருகினால் அந்த ஃபிரிட்ஜுக்குப் பணமில்லை. அதிலிருந்து தீ பரவி அருகிலிருந்த பீரோ எரிந்தால், பீரோவுக்கு உண்டு.

மூன்றாவதைப் பலரும் நினைத்தே பார்ப்பதில்லை. நீங்கள் அடுப்பை அணைக்க மறந்து சமையலறை எரிந்தால், ஓனரின் கம்பெனி அவருக்குப் பணம் கொடுத்துவிட்டு, அதை உங்களிடம் கேட்டு வரலாம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. உங்கள் குழாய் வழிந்து கீழ்வீட்டுக்காரரின் சோபா நனைந்தாலும் பொறுப்பு உங்கள் தலையில். பொருள்களுக்கான பாலிசி இதைத் தாங்காது. பிறருக்கு ஏற்படும் நஷ்டத்துக்கான பிரிவைத் தனியே கேட்டு வாங்க வேண்டும்.

நம் குடும்பத்திடம் பாலிசி இருந்தது என்றே வைத்துக்கொள்வோம். வெள்ளம் வடிந்த மறுநாள் அவர்கள் செய்யக்கூடிய பெரிய தவறு, நாறும் மெத்தையைக் குப்பை வண்டியில் ஏற்றிவிடுவது. சர்வேயர் வந்து பார்க்க எதுவுமே மிச்சமிருக்காது. முதலில் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். சுவரில் தண்ணீர் நின்ற கோடு தெரிய, ஒவ்வொரு பொருளையும் போட்டோ எடுக்க வேண்டும். அகற்றியே ஆக வேண்டுமென்றால் கம்பெனியிடம் கேட்டுவிட்டு அகற்றலாம். பில்லும் வாடகை ஒப்பந்தமும் பீரோவுக்குள் இருந்து நனைந்துபோனால் பயனில்லை. அவற்றின் படம் மெயிலில் கிடக்கட்டும்.

பாலிசி உங்களுக்கு மட்டுமல்ல, அதில் எழுதிய முகவரிக்கும் சேர்த்துத்தான். பதினோரு மாதம் முடிந்து வேறு வீடு போகிறவர்கள், சாமான் ஏற்றும் முன்பே புது முகவரியைக் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.